பேலர் டேங்க் மாற்றியதிலிருந்து ஆயில் நுரைக்கிறது. பெரிய டேங்க் போட்டும் ஏன்?

#1 காகிதக்கட்டு (சிவகாசி)

வணக்கம். அச்சகங்களில் விழும் காகிதச் சீவல் வாங்கிக் கட்டு போடுகிற தொழில் நமக்கு. படுக்கை பேலர் ஒன்று இருக்கிறது. சிலிண்டர் போர் 180, ராடு 125, ஸ்ட்ரோக் 1200. கியர் பம்ப் 63 எல்பிஎம், மோட்டார் 25 எச்பி, ரிலீஃப் 150 பாரில் வைத்திருக்கிறோம். ஆயில் 68 நம்பர்.

பழைய டேங்க் அடியில் துருப்பிடித்து ஒழுக ஆரம்பித்ததால் பிப்ரவரியில் உள்ளூர் ஃபேப்ரிகேட்டரிடம் புதுசு செய்து போட்டோம். பம்ப் ஃப்ளோவுக்கு மூணு மடங்கு போதும், 190 லிட்டர் இருந்தாலே ஓடும் என்றார். எதற்கும் இருக்கட்டும் என்று 400 லிட்டர் டேங்காகவே செய்யச் சொன்னேன். அப்படியும், மாற்றிய மறுநாளிலிருந்து நுரை. மதியம் லெவல் கேஜில் பார்த்தால் ஆயில் மோர் நிறத்தில் இருக்கிறது. பிரீதர் மூடி ஓரமாக நுரை கசிகிறது. பம்ப் ஜல்லி அரைக்கிற மாதிரி சத்தம். கட்டு இறுகும்போது ராம் துள்ளுகிறது.

பழைய டேங்க் 350 லிட்டர்தான், பதினோரு வருஷம் ஒரு சொட்டு நுரை கிடையாது. பெரிசாக்கினால் நல்லதுதானே ஆகணும்?

#2 ஆயில்கடை மதுரை

தம்பி, ஆயில் மாற்றி எத்தனை வருஷம் ஆச்சு? நுரை எதிர்ப்பு மருந்து தீர்ந்துபோன ஆயில் இப்படித்தான் செய்யும். டேங்கைக் குற்றம் சொல்லாதீங்க. மூணு மடங்கு கணக்குக்கு மேலேயே போட்டிருக்கீங்க, அதில் தப்பே இல்லை. சிலிக்கான் டிஃபோமர் சின்ன பாட்டில் கிடைக்கும், ஊற்றிப் பாருங்க. ஒரு மணி நேரத்தில் நுரை உட்கார்ந்துடும்.

#3 ஜின்னிங் சூப்பர்வைசர் (ராஜபாளையம்)

மோர் நிறம்னா தண்ணிதான், வேற பேச்சே இல்லை. எங்க காட்டன் பிரஸ்ஸில் கூலர் ட்யூப் ஓட்டையாகி இதே மாதிரி ஆச்சு. கூலரைக் கழற்றி பிரஷர் டெஸ்ட் பண்ணுங்க.

#4 காகிதக்கட்டு

எங்க மிஷினில் கூலரே இல்லை சார். மழை படுகிற இடமும் இல்லை.

ஆயில்கடை அண்ணாச்சி, ஆயில் புதுசு. டேங்க் மாற்றும்போதே சீல் பிரிக்காத ஒரு பேரல் வாங்கி ஊற்றினோம். உண்மையைச் சொல்லிடறேன், நீங்க சொல்கிற டிஃபோமரையும் போன வாரம் ஊற்றிப் பார்த்தாச்சு. மேலே நுரை குறைந்தது நிஜம். ஆனால் ஆயில் முன்னைவிட வெளுப்பாகத் தெரிகிறது, பம்ப் சத்தமும் கூடின மாதிரி இருக்கு. என் பிரமையோ என்னவோ.

#5 பழைய பிட்டர்

பிரமை இல்லை. நீங்க கேட்டது சரிதான்.

இதில் ரெண்டு விஷயம் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கு. மேலே மிதக்கிற நுரை ஒண்ணு. ஆயிலுக்குள்ளேயே பொடிக் குமிழியாகக் கலந்து கிடக்கிற காற்று இன்னொண்ணு. நுரை அசிங்கமாகத் தெரியும், தரையை நனைக்கும், ஆனா பம்ப் மேலேயிருந்து உறிஞ்சறதில்லை. பம்பை அரிக்கிறதும் ராமைத் துள்ள வைக்கிறதும் உள்ளே கிடக்கிற பொடிக் குமிழிதான். சிலிக்கான் மேல் நுரையை உடைக்கும். அதே சிலிக்கான் உள்ளே இருக்கிற குமிழி ஒண்ணோடொண்ணு சேர்ந்து பெரிசாகி மேலே வர்றதைத் தாமதப்படுத்தும். ஆயில் கம்பெனிக்காரன் அதை மில்லியனுக்கு இத்தனை பங்குன்னு அளந்து போட்டுத்தான் பேரலை மூடுறான். நாம பாட்டிலைக் கவிழ்த்தா கண்ணுக்குத் தெரியற நுரை போகும், தெரியாத காற்று கூடும்.

தண்ணியா காற்றான்னு ராஜபாளையத்துக்காரர் கேட்டதை ஒரேயடியாத் தள்ளிடாதீங்க, பார்த்துடலாம். மதியம் மிஷின் ஓடிக்கிட்டிருக்கும்போதே டேங்கிலிருந்து ஒரு கண்ணாடி பாட்டில் ஆயில் பிடிங்க. அசைக்காம வெளிச்சத்தில் வைங்க. காற்றுன்னா அடியிலிருந்து தெளிஞ்சுக்கிட்டே மேலே வரும். தண்ணின்னா அரை நாள் ஆனாலும் அப்படியே கலங்கலா நிற்கும், இல்லேன்னா அடியில் தங்கும். எத்தனை நிமிஷத்தில் தெளிஞ்சதுன்னு எழுதி வைங்க, பின்னாடி தேவைப்படும்.

அப்புறம் டேங்க் அளவு. லிட்டர் வேண்டாம், நீளம், அகலம், உயரம், உள்ளே இப்போ எத்தனை உயரத்துக்கு ஆயில் நிற்குது, ரிட்டர்ன் பைப் எங்கே முடியுது, சக்ஷன் எங்கே, நடுவில் பேஃபில் இருக்கா. ஒரு படம் கிறுக்கிப் போடுங்க.

#6 ரிக் துரை (திருச்செங்கோடு)

எங்க போர்வெல் வண்டியிலும் இதே தொல்லைதான் அண்ணே. ஹைட்ராலிக் டேங்க் பம்ப் ஃப்ளோவுக்கு ஒரு மடங்குகூட வராது, வண்டியில் இடம் ஏது. சரிவான காட்டில் ஜாக்கி போட்டு நிறுத்தினா பிரீதர் வழியா ஆயில் துப்புது. மூடியை வெல்டிங் பண்ணி அடைச்சுடலாமான்னு டிரைவர் கேட்கறான். அடைக்கலாமா?

#7 பழைய பிட்டர்

துரை, அடைச்சுடாதீங்க! ஜாக்கி எல்லாம் ஒரே நேரத்தில் நீளும்போது டேங்கில் ஆயில் இறங்கும், அந்த இடத்துக்குக் காற்று வரலைன்னா டேங்கே உள்வாங்கும். அதுக்கு முன்னாடி பம்ப் பட்டினியாகும். உங்க கேள்வி வேற கேள்வி, தனி இழை போடுங்க, வர்றேன்.

#8 காகிதக்கட்டு

பாட்டில் வைத்துப் பார்த்தேன். மதியம் 2.10க்குப் பிடித்தது. அடியிலிருந்துதான் தெளிந்தது. முழுசாகத் தெளிய 26 நிமிஷம். அடியில் தண்ணீர் இல்லை. சந்தேகத்துக்குச் சூடான இரும்புத் தகட்டில் ரெண்டு சொட்டு விட்டுப் பார்த்தேன், பொரியவில்லை.

டேங்க் அளவு: 600க்கு 600, உயரம் 1100. இடம் இல்லாததால் நின்ற வாக்கில் செய்தோம். பழசு 1200 நீளம், 600 அகலம், 500 உயரம், படுத்த வாக்கு. ஆயில் ஒரு பேரல்தான் ஊற்றியிருக்கிறோம், 210 லிட்டர். பைப்பில், சிலிண்டரில் போனது போக டேங்கில் 200 இருக்கும். இன்னொரு பேரல் விலை தெரியும்தானே. மூணு மடங்குக்கு 190 போதும் என்றதால் விட்டுவிட்டேன்.

ரிட்டர்ன் ஒரு இன்ச் பைப், மேல் தகட்டிலிருந்து 450 மி.மீ. உள்ளே இறங்குகிறது. சக்ஷன் பக்கவாட்டில், அடியிலிருந்து 80 மி.மீ. உயரத்தில், ஸ்ட்ரெய்னரோடு. நடுவில் மேலிருந்து கீழ்வரை ஒரு தடுப்புத் தகடு. அதன் கீழ்மூலையில் 100 மி.மீ. வட்டத் துளை. ரிட்டர்ன், துளை, சக்ஷன் மூன்றும் மோட்டார் இருக்கிற பக்கம்தான். பைப் போட வசதி என்று அப்படி வைத்தார்கள்.

#9 தாரணி பவர்பேக் (கோவை)

சார், இதைப் படித்ததும் பேப்பர் எடுத்துட்டேன். 200 லிட்டரை 600க்கு 600 அடிப்பரப்பில் ஊற்றினா உயரம் 556 மி.மீ. வரும். ரிட்டர்ன் பைப் மேலிருந்து 450 இறங்கினா அதோட வாய் அடியிலிருந்து 650ல் நிற்கும். அதாவது ஆயில் மட்டத்துக்கு 9 செ.மீ. மேலே! உங்க ரிட்டர்ன் ஆயில் குழாயடியில் குடம் பிடிக்கிற மாதிரி மேலேயிருந்து கொட்டுது. அது விழற வேகத்தில் காற்றையும் இழுத்துக்கிட்டே உள்ளே போகுது.

பழைய டேங்கில் அதே 450 பைப் இருந்திருந்தா அடியிலிருந்து 50 மி.மீ.யில் முடிஞ்சிருக்கும், எப்பவும் முங்கியே இருந்திருக்கும். பழைய பைப் அளவையே அப்படியே வெட்டிக் கொடுத்திருப்பாரோ?

#10 காகிதக்கட்டு

பழைய மேல்தகட்டையே ஃபிளேஞ்சோடு வெட்டிப் புது டேங்கில் மாட்டினார்கள் மேடம். பைப் அதேதான். இப்போ தலையில் அடித்துக்கொள்கிறேன்.

#11 ஆயில்கடை மதுரை

அப்போ விஷயம் முடிஞ்சது. இன்னொரு பேரல் ஊற்றுங்க, பைப் முங்கிடும், நுரை நின்னுடும். நம்ம கடையில் ஸ்டாக் இருக்கு.

#12 பழைய பிட்டர்

வியாபாரம் நடக்கட்டும் அண்ணாச்சி, பாதி விஷயம்தான் முடிஞ்சிருக்கு. பைப்பை முக்கினா புதுசாக் காற்று நுழையறது நிற்கும். ஆனா வழியில் எங்கே காற்று வந்தாலும் அதை வெளியே தள்ள இந்த டேங்குக்குத் தெம்பு இல்லை. ஏன்னு சொல்றேன்.

முதல்ல மூணு மடங்குக் கணக்கு. அதுக்கு அர்த்தம், ஆயில் டேங்குக்குள் வந்துட்டு மறுபடி பம்புக்குப் போக மூணு நிமிஷம் கிடைக்கும்ங்கறதுதான். இந்த பேலரில் அது நடக்குதா பாருங்க. ராம் முன்னே போகும்போது பம்ப் 63 லிட்டர் தள்ளுது. சரி. திரும்பும்போது அதே 63 லிட்டர் ராடு பக்கம் நுழையுது, அங்கே பரப்பு பாதிதான். போர் 180க்குப் பரப்பு 254 சதுர செ.மீ., ராடு கழிச்சா 132. அதனால ராம் ரெண்டு மடங்கு வேகத்தில் திரும்பும், போர் பக்கத்திலிருந்து வெளியேறுகிற ஆயில் நிமிஷத்துக்கு 122 லிட்டர் கிட்ட வரும். பம்ப் 63தான், ஆனா டேங்கில் வந்து விழறது 122. ஃபேப்ரிகேட்டர் ஒரு இன்ச் பைப்புக்கு 63 லிட்டர்னு கணக்குப் போட்டிருப்பார், அதுக்கு நொடிக்கு 2 மீட்டர் வேகம், தப்பில்லை. நிஜத்தில் 4 மீட்டருக்கு மேலே வருது. ஒன்பது செ.மீ. உயரத்திலிருந்து அந்த வேகத்தில் பாய்ஞ்சா நுரைக்காம என்ன செய்யும்.

அடுத்தது குமிழி ஏறுகிற வேகம். அரை மி.மீ. குமிழி, உங்க ஆயில் 55 டிகிரியில் இருக்கும்போது நொடிக்கு 4 மி.மீ. மாதிரி ஏறும். 55 செ.மீ. ஏற ரெண்டேகால் நிமிஷம் ஆகும், அதுவும் ஆயில் அசையாம நின்னா. குமிழி 0.2 மி.மீ.ன்னா கால் மணி நேரம். அளவு பாதியானா வேகம் கால்வாசியாகும், அதுதான் பொடிக் குமிழியோட தந்திரம். இப்போ உங்க பேஃபில் துளை. ராம் திரும்பும்போது அதுக்குள்ளே ஆயில் நொடிக்கு 20 செ.மீ. கிட்ட ஓடுது. 4 மி.மீ. வேகத்தில் மேலே போக நினைக்கிற குமிழியை 200 மி.மீ. வேகத்தில் சக்ஷனுக்கு இழுத்துட்டுப் போற வாய்க்கால் அது. ரிட்டர்ன், துளை, சக்ஷன் எல்லாம் ஒரே பக்கம்னா மூணு நிமிஷம் எங்கே, சில நொடியில் பம்புக்குத் திரும்பிடும். மீதி ஆயில் சும்மா நிற்குது.

நம்பலைன்னா மதியம் டேங்க் வெளிச்சுவரைக் கையால் தொட்டுப் பாருங்க. மோட்டார் பக்கம் சுடும், எதிர்ப்பக்கம் வெதுவெதுப்பா இருக்கும்.

#13 காகிதக்கட்டு

தொட்டுப் பார்த்தேன். மோட்டார் பக்கம் கை வைத்து ரெண்டு நொடி தாங்கவில்லை. எதிர்மூலை காலையில் இருந்த மாதிரியே இருக்கு. 400 லிட்டர் டேங்கில் எத்தனை லிட்டர் வேலை செய்கிறது என்று யோசித்துக்கொண்டே டீ குடித்தேன்.

#14 தாரணி பவர்பேக்

பிட்டர் சார் சொன்னதில் ஒண்ணு சேர்க்கணும். நின்ற வாக்கு டேங்குக்கு மேல்பரப்பு பாதி. பழசில் 7200 சதுர செ.மீ., புதுசில் 3600. குமிழி வெளியேற வாசலே பாதியாயிடுச்சு. ராம் முழுசா நீண்டா ராடு கொள்ளளவு, கிட்டத்தட்ட 15 லிட்டர், டேங்கில் குறையும். பழைய டேங்கில் மட்டம் 2 செ.மீ. இறங்கியிருக்கும், இதில் 4 செ.மீ. இறங்கும். அதனால ரிட்டர்ன் வாயை ராம் முழுசா நீண்ட நிலையில் இருக்கிற மட்டத்துக்குக் கீழே வைக்கணும், காலையில் மிஷின் நிற்கும்போது பார்க்கிற மட்டத்தை நம்பக்கூடாது.

பேஃபில் விஷயத்தில் எனக்கு வேற கருத்து. கீழே துளை போடற பழக்கமே தப்புன்னு நினைக்கிறேன். எங்க ஷாப்பில் பேஃபிலை ஆயில் மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே நிறுத்திடுவோம், ஆயில் மேலே வழிஞ்சு அந்தப் பக்கம் போகும். குமிழி தானா மேற்பரப்புக்கு வந்துதான் ஆகணும். அழுக்கும் ரிட்டர்ன் பக்கமே அடியில் தங்கிடும்.

#15 பழைய பிட்டர்

தாரணி, உங்க ஷாப்பில் மட்டம் மாறாத மிஷினுக்கு அது அருமையா ஓடும். இங்கே மட்டம் ஸ்ட்ரோக்குக்கு ஸ்ட்ரோக் 4 செ.மீ. ஆடுது. ஓனர் ஒரு நாள் ஆயில் டாப்-அப் பண்ண மறந்தா மட்டம் பேஃபிலுக்குக் கீழே போகும், அப்புறம் ஆயில் அருவி மாதிரி அந்தப் பக்கம் விழும். நாம மூட நினைச்ச காற்று வாசலை நாமே திறந்து வச்ச மாதிரி ஆகும். இன்னும் மோசம், சக்ஷன் பக்கம் காலியாகலாம்.

நான் செய்யறது இது. பேஃபிலை மட்டத்துக்கு மேலேயே விட்டுடுவேன். ரிட்டர்னும் சக்ஷனும் இருக்கிற பக்கத்துக்கு எதிர்க்கோடியில் அடியிலிருந்து மட்டம் வரை நீளமான திறப்பு விடுவேன். ஆயில் ஒரு பக்கம் முழுக்க நடந்து, கோடியில் திரும்பி, மறுபக்கம் முழுக்க நடந்து வரணும். திறப்பு பெரிசா இருந்தா வேகம் படுத்துடும்.

#16 தாரணி பவர்பேக்

ஒத்துக்கறேன், மட்டம் ஆடுகிற மிஷினுக்கு உங்க முறை பாதுகாப்பு. ஆனா உங்க திறப்பில் அடியில் ஓடற ஆயில் குமிழியோடயே திரும்பிப் போகுமே? அந்தத் திறப்பில் 60 மெஷ் கம்பி வலையைச் சாய்வா வைங்க. பொடிக் குமிழி வலையில் ஒட்டி, ஒண்ணோடொண்ணு சேர்ந்து பெரிசாகி ஏறும். நாங்க ரெண்டு மிஷினில் போட்டு லெவல் கேஜில் வித்தியாசம் பார்த்தோம்.

#17 பழைய பிட்டர்

வலை நல்லதுதான். ஆனா சிவகாசியில், காகிதத் தூசிக்கு நடுவே? மூணு மாசத்தில் அடைச்சுக்கும், டேங்க் மூடியைத் திறந்து யாரும் கழுவ மாட்டாங்க. கழற்றி எடுக்கிற மாதிரி சட்டத்தில் போட்டா சரி.

தூசின்னதும் ஞாபகம் வருது. காகிதக்கட்டு, பிரீதரைக் கழற்றிப் பார்த்தீங்களா?

#18 காகிதக்கட்டு

ஆயில் ஊற்றுகிற மூடியிலேயே சின்னதாக ஒன்று இருக்கிறது, பழைய டேங்கில் இருந்ததுதான். கழற்றினால் உள்ளே பஞ்சு மாதிரி காகிதத் தூசி, நுரையில் நனைந்து களியாகி இருக்கிறது. ராம் முன்னே போகும்போது மூடியை லேசாகத் தளர்த்தினேன், "உஸ்" என்று காற்று உள்ளே இழுத்தது. மூடியில்லாமல் ரெண்டு கட்டு ஓட்டிப் பார்த்தேன். பம்ப் சத்தம் கொஞ்சம் தணிந்தது. முழுசாகப் போகவில்லை.

#19 ஜின்னிங் சூப்பர்வைசர்

மூடியில்லாம ஓட்டாதீங்க தம்பி. எங்க மில்லில் பஞ்சு உள்ளே விழுந்து ஸ்ட்ரெய்னர் மூடி பம்ப் போச்சு. தண்ணின்னு நான் சொன்னது தப்புதான், பாட்டில் டெஸ்ட் நல்லா இருக்கு, இனிமே நானும் அதைத்தான் செய்வேன்.

#20 பழைய பிட்டர்

அந்த "உஸ்" முக்கியமான சத்தம். கோலி சோடாவைக் குத்தினா என்ன ஆகுது? உள்ளே அழுத்தம் குறைஞ்சதும் கரைஞ்சு கிடந்த காற்று பொங்கி வெளியே வருது. ஆயிலும் அப்படித்தான். சாதாரண அழுத்தத்தில் நூறு லிட்டர் மினரல் ஆயிலில் ஒன்பது லிட்டர் மாதிரி காற்று கரைஞ்சே கிடக்கும். கரைஞ்சு கிடக்கிற வரை கண்ணுக்கும் தெரியாது, தொந்தரவும் இல்லை. பிரீதர் அடைச்சு டேங்கில் வெற்றிடம் வந்தா, அதோட ஸ்ட்ரெய்னரும் பாதி அடைச்சிருந்தா, சக்ஷன் பைப்பிலேயே அந்தக் காற்று குமிழியா வெளியே வரும். வெளியேயிருந்து ஒரு சொட்டுக் காற்று நுழையாமலே ஆயில் சோடாவாகும்.

பிரீதர் அளவை பம்ப் ஃப்ளோவை வச்சு எடுக்கிறவங்க உண்டு. இந்த மிஷினில் ராம் போகும்போது டேங்கிலிருந்து நிகரா வெளியேறுவது 30 லிட்டர்தான், ராடு பக்க ஆயில் திரும்பி வருதே. திரும்பும்போது நிகரா உள்ளே வர்றது 59 லிட்டர், அத்தனை காற்றை பிரீதர் வெளியே விடணும். அந்த நேரத்தில்தான் நுரை மூடி ஓரமாப் பிதுங்குது. கணக்குப்படி சின்ன பிரீதரே போதும். ஆனா காகிதத் தூசியில் கணக்குப்படி வாங்காதீங்க, மூணு நாலு மடங்கு பெரிசா, மாற்றக்கூடிய எலிமெண்ட் உள்ளதா வாங்குங்க. டேங்க் மேல் ஒரு குழாய் நட்டு ஒன்றரை அடி உயர்த்தி வச்சா நுரை தொடாது, கட்டு போடற இடத்துத் தூசியும் குறையும்.

#21 ரிக் துரை

இந்தக் கோலி சோடா விளக்கத்தை என் டிரைவருக்குப் படிச்சுக் காட்டினேன். வெல்டிங் மிஷினை எடுத்து வச்சுட்டான்.

#22 ஆயில்கடை மதுரை

எல்லாம் சரி. சிலிக்கான் ஊற்றின ஆயிலை என்ன பண்றது? அதையும் கொட்டணும்னு சொல்வீங்களோ?

#23 பழைய பிட்டர்

நியாயமான கேள்வி. ஊற்றினதைத் திரும்ப எடுக்க வழி இல்லை. ஆயில் கம்பெனி மூலமா லேபுக்கு அனுப்பினா 50 டிகிரியில் காற்று வெளியேறும் நேரத்தை அளந்து கொடுப்பாங்க. 68 நம்பர் ஆயிலுக்கு 10 நிமிஷத்துக்கு மேல் போகக்கூடாதுன்னு ஜெர்மன் ஸ்டாண்டர்டில் இருக்கு. பாட்டில் டெஸ்ட் அந்த டெஸ்டுக்குச் சமம் இல்லை, ரெண்டு நிமிஷத்தையும் ஒண்ணா வச்சு ஒப்பிடாதீங்க. ஆனா மருந்து ஊற்றாத ஆயிலையும் ஊற்றின ஆயிலையும் ஒரே சூட்டில், ஒரே மாதிரி பாட்டிலில் குலுக்கி வச்சுப் பார்த்தா வித்தியாசம் தெரியும்.

#24 காகிதக்கட்டு (பன்னிரண்டு நாள் கழித்து)

வேலை முடிந்தது. செய்ததை எழுதுகிறேன்.

ரிட்டர்னை ஒன்றரை இன்ச் பைப்பாக மாற்றி அடியிலிருந்து 120 மி.மீ. வரை இறக்கினோம். வாயை 45 டிகிரி சாய்வாக வெட்டி, சுவரைப் பார்க்கத் திருப்பினோம். பேஃபிலில் பழைய துளையை அடைத்து, எதிர்க்கோடியில் 150 மி.மீ. அகலத்தில் அடியிலிருந்து 500 உயரம் வரை திறப்பு. தாரணி மேடம் சொன்ன வலையைக் கழற்றும் சட்டத்தில் போட்டேன், பிட்டர் சார் மன்னிக்கணும். பிரீதர் பெரிசு, குழாய் வைத்து உயர்த்தியாச்சு. ஸ்ட்ரெய்னரைக் கழற்றியபோது பாதிக்கு மேல் காகிதக் களி.

ஆயிலில் பாதியை எடுத்துவிட்டுப் புதுசு ஊற்றினேன், மொத்தம் இப்போ 260 லிட்டர். எடுத்த பாதியை என்ன செய்வதென்று தெரியாமல் பேரலில் மூடி வைத்திருக்கிறேன்.

மதியம் லெவல் கேஜில் ஆயில் தேன் நிறத்தில் தெரிகிறது. மேலே ஓரமாக விரல்கடை அளவு நுரை வளையம் இருக்கிறது, வளரவில்லை. ராம் துள்ளல் நின்றுவிட்டது. பாட்டில் டெஸ்ட் 26 நிமிஷத்திலிருந்து 9க்கு வந்திருக்கு. டேங்கின் நாலு பக்கமும் ஒரே சூடு.

ஒன்று மட்டும் போகவில்லை. காலையில் முதல் பத்து நிமிஷம் பம்ப் சத்தம் அப்படியே இருக்கு. சூடானதும் அடங்குகிறது.

#25 தாரணி பவர்பேக்

காலையில் ஆயில் குளிர்ந்து கெட்டியா இருக்கும், 68 நம்பர் அப்போ சக்ஷனில் இழுக்க மாட்டேங்குது. 46க்கு மாறுங்க. குமிழியும் சீக்கிரம் ஏறும்.

#26 பழைய பிட்டர்

சிவகாசி மே மாசத்தில், கூலர் இல்லாத மிஷினில் 46ஆ? மதியம் தண்ணியா ஓடும், கியர் பம்ப் உள்ளேயே கசிஞ்சு கட்டு இறுகாது. எனக்கு ஒப்பலை. ஊரும் காலையில் அவ்வளவு குளிர்ற ஊர் இல்லை.

எனக்குச் சந்தேகம் சக்ஷன் ஜாயின்ட் மேலேதான். டேங்க் மாற்றும்போது அந்த ஃபிளேஞ்சைக் கழற்றிப் பூட்டியிருக்காங்க. காலையில் சத்தம் வரும்போதே ஃபிளேஞ்ச், யூனியன் ஒவ்வொண்ணா கெட்டி கிரீஸ் அப்பிப் பாருங்க. எந்த இடத்தில் அப்பினதும் சத்தம் மாறுதோ அங்கேதான் காற்று நுழையுது. கெட்டி ஆயில் இருக்கும்போது சக்ஷனில் இழுவை அதிகம், அதனால ஓட்டை காலையில் மட்டும் பேசும்.

#27 காகிதக்கட்டு

இன்று காலை அப்பிப் பார்த்தேன். ஃபிளேஞ்சிலும் யூனியனிலும் மாற்றம் இல்லை. மீதி பம்ப் ஷாஃப்ட் சீல்தான். அது கப்ளிங்குக்குள் இருப்பதால் மிஷின் ஓடும்போது கை வைக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை கழற்றுகிறோம்.

#28 தாரணி பவர்பேக்

கழற்றும்போது சீல் உதட்டைப் போட்டோ எடுத்துப் போடுங்க. நல்லா இருந்தா 46 பற்றி மறுபடி சண்டை போடலாம்.